ஓபிடி-யில் இருக்கும்போது வேலை தேடுவது: ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு உண்மையான பதிலும், அதை ஏற்கும் நிறுவனத்தைக் கண்டுபிடிக்கும் முறையும்

அமெரிக்காவில் முதுகலைப் படிப்பை முடித்து எஃப்-1 மாணவர் விசாவில் வேலை தேடும் எவரும், எந்த விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்விகளைச் சந்திப்பார்கள். அமெரிக்காவில் வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்பது முதலாவது. வேலை விசாவுக்கான ஸ்பான்சர்ஷிப் உங்களுக்கு இப்போதோ வருங்காலத்திலோ தேவைப்படுமா என்பது இரண்டாவது. முதல் கேள்வியில் யாரும் தடுமாறுவதில்லை. இரண்டாவதில்தான் விரல் 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுகிறது. 'ஆம்' என்றால் கணினியே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் என்றும், முதலில் 'இல்லை' என்று போட்டு வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் அறைத்தோழர்கள் சொல்வார்கள்.

அந்த யோசனை ஏன் கெடுதலானது, 'ஆம்' என்று சொன்ன பிறகு என்ன பேச வேண்டும், 'ஆம்' என்பதை ஏற்கும் நிறுவனங்கள் எந்த அரசுப் பதிவுகளில் தெரிகின்றன என்பவற்றை ஒரு மாணவியின் கணக்கைக் கொண்டு வரிசையாகப் பார்க்கலாம். அவர் சென்னையில் சிவில் இன்ஜினியரிங் படித்து, டெக்சாஸில் கட்டமைப்புப் பொறியியலில் முதுகலை முடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் கற்பனை, அவருக்குப் பொருந்தும் விதிகள் உண்மையானவை.

முதல் படி: உங்கள் தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

ஸ்பான்சர்ஷிப் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நிறுவனத்திடமிருந்து உங்களுக்கு என்ன தேவை என்பது காலத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். எந்த மாதத்தில் எது தேவை என்று உங்களுக்கே தெரியாவிட்டால், எதிரே இருப்பவரிடம் தெளிவாகச் சொல்ல முடியாது.

நமது மாணவியின் படிப்பு 2026 மே 15 அன்று முடிகிறது. படிப்பு முடித்த மாணவர்கள் தங்கள் துறையில் வேலை செய்வதற்கான அனுமதிக் காலமான ஓபிடி, படிப்பு முடிந்த 60 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். அவர் ஜூலை 1-ஐத் தேர்ந்தெடுக்கிறார். அது 12 மாதம், அதாவது 2027 ஜூன் 30 வரை செல்லும். இந்தக் காலத்தில் நிறுவனம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. வேலை அனுமதி அட்டை அவர் கையிலேயே இருக்கும். வேறு எந்த ஊழியரைச் சேர்ப்பதுபோலவும் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவருடைய பட்டம் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கான அரசின் ஸ்டெம் பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாத நீட்டிப்பு கிடைக்கும். இதற்கு நிறுவனம் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் மேலாளர் கையெழுத்திட வேண்டும். இரண்டுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. விண்ணப்பக் கட்டணம் மாணவியுடையது. நீட்டிப்பு கிடைத்தால் 2029 ஜூன் 30 வரை வேலை செய்யலாம்.

அதற்குப் பின்பு அவர் அங்கேயே தொடர எச்-1பி என்ற வேலை விசா தேவை. நிறுவனம் மார்ச் மாதத்தில் பதிவு செய்து, லாட்டரியில் பெயர் வந்தால் மனு போட்டு, அக்டோபர் 1 முதல் வேலைக்கு வைத்துக்கொள்ளும். நமது மாணவிக்கு 2027, 2028, 2029 ஆகிய மூன்று மார்ச் மாதங்கள் கிடைக்கின்றன. 2029 மார்ச்சில் தேர்வாகி, ஜூன் 30-க்குள் நிலை மாற்றக் கோரிக்கையுடன் மனு போய்ச் சேர்ந்துவிட்டால், அக்டோபர் வரையான இடைவெளியையும் விதி தாங்கிக்கொள்ளும். கேப்-கேப் என்று சொல்வது இதைத்தான்.

தாளின் ஓரத்தில் இன்னொரு தேதியும் வேண்டும். முதல் 12 மாத ஓபிடி-யில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. ஜூலை 1-லிருந்து எண்ணினால் தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 28. ஸ்டெம் நீட்டிப்பு வந்தால் மொத்தம் 150 நாட்களாகும். அந்தக் கூடுதல் நாட்களை முன்கூட்டியே கடன் வாங்க முடியாது. படிப்போடு தொடர்புள்ள, வாரத்துக்கு 20 மணி நேரமாவது இருக்கும் தன்னார்வப் பணியும், தொழிலாளர் சட்டத்தை மீறாத வரை, முதல் ஆண்டு ஓபிடி-யில் வேலையாகக் கணக்கில் வரும். பேராசிரியரின் ஆய்வகத்தில் அப்படி ஓர் இடத்தைக் கேட்டு வைப்பது கடிகாரத்தை நிறுத்தும். ஸ்டெம் நீட்டிப்பில் இது செல்லாது; அங்கே சம்பளமுள்ள வேலை கட்டாயம்.

இரண்டாம் படி: 'ஆம்' என்று எழுதுங்கள்

படிவம் கேட்பது 'இப்போதோ வருங்காலத்திலோ' என்று. ஓபிடி-யில் இருப்பவருக்கு இப்போது ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை, பின்னர் எச்-1பி தேவைப்படும். ஆகவே அனுமதி இருக்கிறதா என்பதற்கு 'ஆம்', ஸ்பான்சர்ஷிப் தேவையா என்பதற்கும் 'ஆம்'. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இரண்டும் உண்மை. சில படிவங்கள் 'தற்போது தேவையா' என்று மட்டும் கேட்கும். அங்கே 'இல்லை' என்பது பொய்யல்ல. ஆனாலும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே பிற்காலத் தேவையைச் சொல்லிவிடுவது நல்லது.

'இல்லை' என்று பொய் எழுதியவர்களுக்கு ஆபத்து சேரும் நாளில் வருவதில்லை, அதனால்தான் அந்த யோசனை பரவுகிறது. முதல் நாள் அனுமதி அட்டையைக் காட்டுகிறார்கள், வேலை ஓடுகிறது. சிக்கல் ஒன்பது மாதம் கழித்து, ஐ-983 கையெழுத்துக்காக மனிதவளத் துறைக்குப் போகும்போது தொடங்கும். அவர்கள் பழைய விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பார்கள். எழுத்தில் தவறான தகவல் தந்ததையே காரணமாக்கி வேலையை விட்டு நீக்க அது போதும். நீக்காவிட்டாலும், 'எங்கள் நிறுவனம் இ-வெரிஃபையில் இல்லை, எச்-1பி போடுவதும் இல்லை, கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்போமே' என்ற பதில் வரும். அந்த நேரத்தில் ஓபிடி முடிய மூன்று மாதம்தான் இருக்கும்; ஒரு மார்ச் லாட்டரியும் வீணாகியிருக்கும்.

தவறுதலாக 'இல்லை' என்று போட்டுவிட்டால், ரெக்ரூட்டருக்கு அன்றே ஒரு மின்னஞ்சலில் திருத்தத்தை எழுதுங்கள். நேர்காணலுக்கு முன் வரும் திருத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதில் நம்மவர்கள் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ஸ்பான்சர்ஷிப் தர மாட்டோம்' என்று ஒரு நிறுவனம் மறுப்பது பொதுவாகச் சட்டவிரோதம் அல்ல. குடியுரிமை நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற கூட்டரசுச் சட்டம் குடிமக்கள், நிரந்தரக் குடியிருப்பு பெற்றோரில் பெரும்பாலோர், அகதிகள், புகலிடம் பெற்றவர்கள் ஆகியோரைக் காக்கிறது. எஃப்-1, எச்-1பி காரர்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். பிறந்த நாட்டை வைத்து ஒதுக்குவது வேறு விஷயம், அதற்கு எல்லோருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே மறுத்த நிறுவனத்தோடு வாதாடுவதில் செலவிடும் மணிநேரத்தை, மறுக்காத நிறுவனத்தைத் தேடுவதில் செலவிடலாம்.

மூன்றாம் படி: 'ஆம்' என்பதன் விலையைச் சொல்லத் தெரிந்திருங்கள்

பெரிய நிறுவனங்களில் கொள்கை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அங்கே உங்கள் பேச்சுக்கு அதிக வேலையில்லை. இருபது முப்பது பேர் வேலை செய்யும் பொறியியல் ஆலோசனை நிறுவனங்களில்தான் பேச்சு பலிக்கும். ஏனென்றால் அங்கே மறுப்பு பெரும்பாலும் கொள்கையிலிருந்து வருவதில்லை, தெரியாமையிலிருந்தும் பயத்திலிருந்தும் வருகிறது. ஸ்பான்சர்ஷிப் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த உரிமையாளர் மனத்தில் ஓடுவது வழக்கறிஞர், பெருஞ்செலவு, அரசு விசாரணை.

2025 செப்டம்பர் 21 முதல் அந்தப் பயத்துக்கு ஒரு எண்ணும் கிடைத்துவிட்டது: 1,00,000 டாலர். புதிய எச்-1பி மனுக்களுக்கு இத்தொகையைக் கட்ட வேண்டும் என்ற அதிபரின் அறிவிப்பு செய்திகளில் பெரிதாக வந்தது; அதன் எல்லையை விளக்கிய பிற்பாட்டுச் செய்தி அத்தனை பேரை எட்டவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே எஃப்-1-லிருந்து எச்-1பி-க்கு நிலை மாற்றம் கேட்டு, அது ஏற்கப்படும் மனுவுக்கு இந்தத் தொகை இல்லை என்று குடியேற்றச் சேவைத் துறை 2025 அக்டோபர் 20 அன்று தெளிவுபடுத்தியது. நிலை மாற்றம் முடிவாவதற்குள் அந்த நபர் நாட்டைவிட்டு வெளியேறினால் நிலைமை மாறிவிடும். அப்போது தொகை பொருந்தும். ஆகவே உங்கள் மனு நிலுவையில் இருக்கும் கோடையில் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய்வருவது மிகவும் விலை கூடிய பயணமாகிவிடலாம். இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், நிறுவனத்திடம் பேசும் வாரத்தில் uscis.gov பக்கத்தை மறுபடி படித்துவிட்டுப் பேசுங்கள்.

அந்தத் தொகை பொருந்தாதபோது உண்மையான செலவு என்ன? மார்ச் பதிவுக்கு 215 டாலர். பெயர் வந்தால் மட்டுமே மற்றவை. முழுநேர ஊழியர்கள் 25 பேர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு மனுக் கட்டணம் 460, பயிற்சிக் கட்டணம் 750, மோசடித் தடுப்புக் கட்டணம் 500, புகலிடத் திட்டக் கட்டணம் 300. பதிவோடு சேர்த்து 2,225 டாலர். அதைவிடப் பெரிய நிறுவனத்துக்கு இவை முறையே 780, 1,500, 500, 600. பதிவோடு 3,595 டாலர். வழக்கறிஞர் கட்டணம் தனி. பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடமிருந்து வசூலிப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆகவே 'எல்லாச் செலவையும் நானே கட்டுகிறேன்' என்று ஆர்வத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது நிறுவனத்தையும் சிக்கலில் மாட்டும்.

முதல் தொலைபேசிப் பேச்சில் இதையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. நமது மாணவி ஆங்கிலத்தில் சொல்லப் போவதன் சாரம் இது: "எனக்கு இப்போது வேலை அனுமதி இருக்கிறது, 2027 ஜூன் வரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதன் பின் இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு நீங்கள் இ-வெரிஃபையில் இருக்க வேண்டும், ஒரு பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், கட்டணம் இல்லை. அதற்குப் பின்னும் நான் உங்களிடம் தொடர எச்-1பி வேண்டும். அதற்கு மார்ச் மாதத்தில் பதிவு செய்ய வேண்டும். இதுபோல முன்பு செய்திருக்கிறீர்களா?" முப்பது நொடிப் பேச்சு. உண்மை முழுவதும் இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம்: நிறுவனத்துக்குச் சிரமமில்லாத மூன்று ஆண்டுகள் முதலில் வருகின்றன. கடைசியில் உள்ள கேள்வி பேச்சை அவர்களிடம் தள்ளுகிறது. அதற்கு வரும் பதில் விளம்பரத்தில் எழுதியிருப்பதைவிட அதிகம் சொல்லும்.

ரெஸ்யூமேயின் தலையில் விசா நிலையை எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை என்பது என் கருத்து. படிவத்தில் உண்மையைச் சொல்லி, முதல் பேச்சில் விளக்கினால் போதும். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு மேல் அதைத் தள்ளிப்போடக் கூடாது. நான்கு பேர் அரை நாள் செலவழித்துப் பேசிய பிறகு தெரியவந்தால், சட்டப்படி குற்றமில்லை என்றாலும் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்கள்.

நான்காம் படி: விளம்பரங்களை விட்டு, பதிவுகளில் தேடுங்கள்

எச்-1பி மனு போடும் ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு முன்பு தொழிலாளர் துறையில் எல்சிஏ என்ற விண்ணப்பத்துக்குச் சான்று பெற வேண்டும். நிறுவனத்தின் பெயர், பதவி, ஊர், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். இந்தத் தரவைத் தொழிலாளர் துறை காலாண்டுதோறும் எக்செல் கோப்பாக dol.gov தளத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதையே அழகாக்கிக் காட்டும் தனியார் தளங்கள் இருக்கின்றன. ஆனால் தேவையான நெடுவரிசைகள் சில அங்கே காணாமல் போயிருக்கும், ஆகவே மூலக் கோப்பே மேல். கோப்பு கனமானது, பழைய மடிக்கணினி கொஞ்சம் திணறும்.

நமது மாணவி அதில் இப்படி வடிகட்டுகிறார்:

```
VISA_CLASS       = H-1B
CASE_STATUS      = Certified
WORKSITE_STATE   = TX
SOC_TITLE        = Civil Engineers
PW_WAGE_LEVEL    = I, II
NEW_EMPLOYMENT   > 0
SECONDARY_ENTITY = No
```

முதல் நான்கு வரிகள் எவருக்கும் தோன்றும். பயன் அடுத்த மூன்றில் இருக்கிறது. `PW_WAGE_LEVEL` என்பது பதவியின் சம்பள நிலை. நான்கு நிலைகளில் முதலிரண்டு, அனுபவம் குறைந்தவர்களுக்கான பதவிகள். நான்காம் நிலையில் மட்டும் மனு போடும் நிறுவனம் மூத்த பொறியாளருக்காகச் செய்கிறது. புதிதாகப் படித்து வருபவருக்குச் செய்யுமா என்பதற்கு அது சான்று ஆகாது.

`NEW_EMPLOYMENT` இன்னும் முக்கியம். ஏற்கெனவே வேறோரிடத்தில் எச்-1பி-யில் இருப்பவரை மாற்றிக்கொள்வது `CHANGE_EMPLOYER` நெடுவரிசையில் வரும். அதற்கு லாட்டரி இல்லை. பட்டியலில் நாற்பது முறை பெயர் வரும் நிறுவனம் அந்த நாற்பதையும் மாற்றலாகவே எடுத்திருந்தால், அது ஸ்பான்சர் செய்யும் நிறுவனம்தான், ஆனால் ஓபிடி-காரருக்கு அல்ல. `BEGIN_DATE` அக்டோபர் தொடக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அது லாட்டரி வழியாக வந்தவருக்கான விண்ணப்பம். அப்படி நான்கைந்து வரிகள் உள்ள சிறிய நிறுவனம், நானூறு மாற்றல் வரிகள் உள்ள பெரிய நிறுவனத்தைவிட நமது மாணவிக்குப் பொருத்தமானது.

`SECONDARY_ENTITY` என்பது, ஊழியர் வேறொரு வாடிக்கையாளரின் இடத்தில் வேலை செய்யப் போகிறாரா என்பதைச் சொல்கிறது. 'ஆம்' என்று நிறைய வரிகள் இருந்தால் அது ஆட்களை அனுப்பிவைக்கும் நிறுவனம். அதில் தவறில்லை; ஆனால் ஐ-983 பயிற்சித் திட்டத்தில் யார் உங்களுக்குப் பயிற்சி தருகிறார் என்ற கேள்விக்கு அங்கே நேர்மையான பதில் கிடைப்பது கடினம்.

எல்சிஏ சான்று பெற்றதாலேயே விசா கிடைத்துவிட்டதாகாது. மனு போடப்படாமலும் போயிருக்கலாம். ஆகவே தேறிய பெயர்களை uscis.gov தளத்தில் உள்ள எச்-1பி நிறுவனத் தரவுப் பக்கத்தில் சரிபாருங்கள். ஆண்டுவாரியாக எத்தனை புதிய மனுக்கள் ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்று அங்கே தெரியும். பிறகு e-verify.gov தளத்தின் நிறுவனத் தேடலில் அதே பெயர் இருக்கிறதா பாருங்கள். டெக்சாஸில் தனியார் நிறுவனங்களுக்கு இ-வெரிஃபை கட்டாயமில்லை. அரிசோனாவில் கட்டாயம், ஃபுளோரிடாவில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம். எச்-1பி போட்டிருந்தும் இ-வெரிஃபையில் இல்லாத நிறுவனம் கண்ணில் பட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டாம்; சேர்வதற்குக் கட்டணமில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிக் கேட்கலாம். நிறுவனத்தின் சட்டப் பெயரும் பலகைப் பெயரும் வேறாக இருப்பதுண்டு. இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

இவ்வாறு வடிகட்டினால் ஒரு மாநிலத்துக்கு, ஒரு துறைக்கு, சில டஜன் பெயர்கள் மிஞ்சும். அவற்றில் திறந்திருக்கும் பதவிக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனங்களில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களைத் தேடி, 'நீங்கள் சேர்ந்தபோது ஸ்டெம் ஓபிடி-க்குக் கையெழுத்திட்டார்களா, எந்த மார்ச்சில் பதிவு செய்தார்கள்' என்று கேளுங்கள். ரெக்ரூட்டருக்கே தெரியாத விடை அவர்களிடம் இருக்கும்.

பட்டியலிலிருந்து உடனே நீக்க வேண்டியவையும் உண்டு. பாதுகாப்பு ஒப்பந்தப் பணிகளில் குடியுரிமையோ, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 'அமெரிக்க நபர்' என்ற தகுதியோ கேட்கப்பட்டால், அது நிறுவனத்தின் மனநிலையைப் பொறுத்ததல்ல. எத்தனை நன்றாகப் பேசினாலும் மாறாது.

லாட்டரி இல்லாத வாசல்

பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்புகள், லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை எச்-1பி-க்கான ஆண்டு உச்சவரம்புக்கு வெளியே நிற்பவை. மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், லாட்டரியும் வேண்டாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனையின் கட்டடப் பிரிவும் இதில் வரக்கூடும். சம்பளம் குறைவு, பின்னால் தனியார் நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் அப்போது லாட்டரிக்குள் போக வேண்டும். மூன்று மார்ச்சில் இரண்டு போய்விட்டவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்தாம் படி: சம்பளத்தைப் பேசும்போது நிலையைப் பாருங்கள்

ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் உண்டு. 2025 மார்ச்சில் சுமார் 3,44,000 தகுதியான பதிவுகளிலிருந்து சுமார் 1,20,000 தேர்வு செய்யப்பட்டன. ஒரே நபருக்காகப் பல நிறுவனங்கள் பதிவு செய்தாலும் வாய்ப்பு கூடாது; 2024 முதல் தேர்வு நபரை வைத்துத்தான். 'நாலு கன்சல்டன்சியில் பெயர் கொடுத்து வை' என்ற பழைய அறிவுரைக்கு இன்று பொருளே இல்லை.

2026 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த விதி இதில் இன்னொரு மாற்றத்தைச் செய்தது. உங்களுக்குத் தரப்படும் சம்பளம் அந்த ஊரில் அந்தத் தொழிலுக்கான எந்த நிலையை எட்டுகிறதோ, அத்தனை சீட்டுகள் குலுக்கலில் போடப்படும்: முதல் நிலைக்கு ஒன்று, நான்காம் நிலைக்கு நான்கு.

ஒரு கணக்காக, நமது மாணவியின் ஊரில் முதல் நிலை 70,000 டாலர், இரண்டாம் நிலை 86,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 84,000 தருவதாகச் சொல்கிறது. 70,000-க்கு மேல் 14,000 இருந்தும் அவர் முதல் நிலைதான், ஒரே சீட்டு. இன்னும் 2,000 கூட்டிக் கேட்டுப் பெற்றால் இரண்டு சீட்டு. ஆண்டுக்கு 2,000 டாலர் என்பது நிறுவனத்துக்குச் சிறிய தொகை. மாணவிக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு வாய்ப்பு. உண்மையான எண்களை flag.dol.gov தளத்தில் தொழில், மாவட்டம் வாரியாகப் பார்க்கலாம். ஜூலையில் எண்கள் புதுப்பிக்கப்படும். ஆகவே வேலையில் சேரும்போது எல்லையைத் தொட்ட சம்பளம், அடுத்த மார்ச்சில் அதற்குக் கீழே நிற்கக்கூடும். பதிவுக்கு முன் ஜனவரியில் ஒருமுறை மறுபடி பாருங்கள். பதிவில் காட்டியதும் மனுவில் காட்டுவதும் கையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுக்காக மட்டும் உயர்த்திக் காட்டும் யோசனைக்கு இசையாதீர்கள்.

ஆறாம் படி: எழுத்தில் வாங்க வேண்டியவை

வேலைக் கடிதம் வந்ததும், கையெழுத்துக்கு முன்பு மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்றைக் கேளுங்கள். நிறுவனம் இ-வெரிஃபையில் இருக்கிறதா, ஐ-983-இல் யார் கையெழுத்திடுவார். எச்-1பி பதிவை முதல் மார்ச்சிலேயே செய்வார்களா, அல்லது ஓராண்டு வேலை முடிந்த பிறகுதானா. அது எழுதப்பட்ட கொள்கையா, மேலாளரின் விருப்பமா. இரண்டாவது கேள்விதான் நமது மாணவிக்கு விலை உள்ளது. 'ஓராண்டு கழித்து' என்றால் 2027 மார்ச் போய்விடும், மூன்று வாய்ப்பு இரண்டாகும். அப்படிப்பட்ட நிறுவனத்தையும் அவர் ஏற்கலாம், ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும். 'வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாய்வார்த்தை, அதைச் சொன்ன மேலாளர் வேறு இடத்துக்குப் போகும் நாளோடு முடிந்துவிடும்.

சில நேரம் 'ஆம்' என்பதே ஆபத்து

யாருமே கேட்காமல் 'நாங்கள் ஸ்பான்சர் செய்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் கன்சல்டன்சியை எப்படி அடையாளம் காண்பது? பயிற்சி என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். ரெஸ்யூமேயில் நீங்கள் பார்க்காத ஐந்தாண்டு அனுபவத்தைச் சேர்ப்பார்கள். வேலை கிடைக்கும்வரை சம்பளமில்லாமல் பெஞ்சில் இருக்கச் சொல்லி, அந்த நாட்களை வேலையாகக் கணக்குக் காட்டுவதற்கு ஒரு கடிதம் தருவார்கள். 90 நாள் கடிகாரம் எண்பதைத் தாண்டும்போது அந்தக் கடிதம் உயிர்காக்கும் கயிறுபோலத் தோன்றும். ஆனால் பின்னாளில் எச்-1பி மனுவிலோ துணைத் தூதரக நேர்காணலிலோ அந்தக் காலத்துக்கான சம்பளச் சீட்டு, வரிப் படிவம், மேலாளர் பெயர் ஆகியவற்றைக் கேட்பார்கள். பொய்த் தகவல் தந்து குடியேற்றப் பலன் பெற முயன்றதாக முடிவானால், அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது. எண்பதாவது நாளில் வேறு வழியில்லாதவர், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய், உண்மையான தன்னார்வப் பணியையோ, புதிய படிப்புக்கு மாறுவதையோ பேசுவது மேல்.

வேலையில் சேர்ந்த பிறகு

சேர்ந்த 10 நாட்களுக்குள் நிறுவனத்தின் விவரத்தை மாணவர் வலைவாசலில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், வேலை பார்த்துக்கொண்டே இருந்தாலும் அமைப்பில் வேலையில்லா நாட்கள் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்டெம் நீட்டிப்பு விண்ணப்பத்தை ஓபிடி முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து அனுப்பலாம். நமது மாணவிக்கு அது 2027 ஏப்ரல் தொடக்கம். உரிய காலத்தில் அனுப்பிவிட்டால், முடிவு தாமதமானாலும் 180 நாள் வரை வேலையைத் தொடரலாம். ஐ-983 கையெழுத்தாக மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு அவர் மேலாளரிடம் மார்ச் தொடக்கத்திலேயே படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதே மாதத்தில்தான் எச்-1பி பதிவும் நடக்கிறது என்பதால், பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் நினைவூட்டினால் வேலை எளிது.